தலைப்பை மாற்றினேன்: இம்ப்ரெஷன் ஏறியது, சராசரி இடம் சரிந்தது. பழையதையே திருப்பி வைக்கவா?

மிதிவண்டி, 10 செப்டம்பர் 2025

சைக்கிள் பழுதுபார்ப்பு பற்றி ஒரு தளம் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பக்கத்தின் தலைப்பை மட்டும் மாற்றினேன். உள்ளே ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

பழையது: "சைக்கிள் பராமரிப்பு: செயின் பற்றிய முழு வழிகாட்டி"
புதியது: "சைக்கிள் செயின் நழுவுகிறதா? காரணமும் சரிசெய்யும் முறையும்"

மாற்றிய நாள் ஆகஸ்ட் 4. சர்ச் கன்சோலில் ஜூலை 7 முதல் ஆகஸ்ட் 3 வரை 4,000 இம்ப்ரெஷன், 160 கிளிக், சராசரி இடம் 9.0. ஆகஸ்ட் 11 முதல் செப்டம்பர் 7 வரை 7,000 இம்ப்ரெஷன், 225 கிளிக், சராசரி இடம் 22.4. கிளிக் விகிதம் 4 சதவீதத்திலிருந்து 3.2க்கு இறங்கிவிட்டது. முதல் பக்கத்தில் இருந்தவன் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டேன் என்றுதானே இதற்குப் பொருள்? இன்று இரவே பழைய தலைப்பைத் திருப்பி வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

மேசைவிளக்கு, 10 செப்டம்பர், இரவு

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். மூன்றாம் பக்கத்துக்குப் போனவருக்குக் கிளிக் 160இலிருந்து 225 ஆகாது.

சராசரி இடம் என்பது உங்கள் பக்கம் நிற்கும் இடம் அல்ல. உங்கள் பக்கம் தோன்றிய ஒவ்வொரு தடவையும் எத்தனையாவதாக நின்றது என்று குறித்து, எல்லாவற்றையும் கூட்டி, தோன்றிய தடவைகளால் வகுத்தது. நேற்று வரை பத்துச் சொற்களுக்கு ஏழாவது இடத்தில் நின்ற பக்கம், இன்று அவற்றில் அப்படியே நின்றுகொண்டு, புதிதாக இன்னும் பத்துச் சொற்களுக்கு நாற்பதாவது இடத்திலும் தலைகாட்டினால் சராசரி பாதாளத்துக்குப் போகும். பழைய வாசகர் ஒருவரைக்கூட நீங்கள் இழந்திருக்க மாட்டீர்கள்.

எனவே மொத்தத்தைப் பார்க்காதீர்கள். பக்க வடிகட்டியைப் போட்டு, இரண்டு காலங்களையும் ஒப்பிட்டு, தேடல் சொற்களை மூன்று கூறாகப் பிரித்துக் கொடுங்கள்: நழுவுதல் பற்றிய சொற்கள், முன்பும் இருந்த மற்றச் சொற்கள், முன்பு அறவே இல்லாத சொற்கள். முதல் கூறுக்கு ரெஜெக்ஸ் வடிகட்டி போதும்:

```
நழுவ|slip
```

"நழுவுகிறது", "நழுவினால்", "நழுவும்" எல்லாமே இதில் சிக்கும். உயிர்க்குறி மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. ஆகவே "நழுவ" என்பது அத்தனை வடிவங்களுக்கும் பொதுவான முன்பகுதி. இதைக் கண்டுபிடிக்கும் வரை நான் ஒவ்வொரு விகுதியையும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

நேர்கோடு, 11 செப்டம்பர்

இவ்வளவு தலைவலி எதற்கு? இம்ப்ரெஷன் கூடினால் தலைப்பு வெற்றி. கூகுள் உங்களை அதிகம் பேருக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். சராசரி இடத்தை நான் பார்ப்பதே இல்லை. இன்னொன்று: கூகுள் எப்படியும் நம் தலைப்பைக் காட்டுவதில்லை, தானே மாற்றி எழுதிக்கொள்கிறது. ஆகவே தலைப்புச் சோதனை என்பதே வீண் வேலை.

மேசைவிளக்கு, 11 செப்டம்பர்

தலைப்பு வெற்றி என்பது முதல் வரி, தலைப்புச் சோதனை வீண் என்பது கடைசி வரி. இரண்டில் எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

மாற்றி எழுதுவது உண்மைதான், ஆனால் அளவு அப்படியல்ல. 2021 ஆகஸ்டில் முறையை மாற்றி எல்லாரையும் கலங்கடித்தார்கள். அடுத்த மாதம் கொஞ்சம் சரிசெய்துவிட்டு, சுமார் 87 சதவீதத் தடவைகளில் பக்கத்தின் தலைப்புக் குறியையே பயன்படுத்துவதாகக் கூகுளே சொன்னது. உங்களுடையது மிஞ்சியதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைப் பிறகு பேசுவோம்.

மிதிவண்டி, 11 செப்டம்பர்

கேட்டபடி பிரித்துவிட்டேன்.

நழுவுதல் சொற்கள்: முன்பு 2,000 இம்ப்ரெஷன், இடம் 7.0, கிளிக் 100. இப்போது 2,100, இடம் 6.5, கிளிக் 147.

முன்பும் இருந்த மற்றவை, பெரும்பாலும் "சைக்கிள் பராமரிப்பு" வகை: முன்பு 1,000, இடம் 12, கிளிக் 20. இப்போது 900, இடம் 14, கிளிக் 13.

முற்றிலும் புதியவை: 2,400 இம்ப்ரெஷன், இடம் 41, கிளிக் 5. பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள் செயின் பற்றிய தேடல்கள்!

இவற்றைக் கூட்டினால் முன்பு 3,000, இப்போது 5,400தான் வருகிறது. மேலே மொத்தம் 4,000, 7,000 என்று காட்டுகிறதே, மீதி எங்கே போயிற்று?

மேசைவிளக்கு, 12 செப்டம்பர்

மீதி திருடு போகவில்லை. மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதி அட்டவணையில் காட்டுவதில்லை. மொத்தத்தில் மட்டும் சேர்ப்பார்கள். நீங்கள் சொல் வடிகட்டி போட்ட கணமே அவை மொத்தத்திலிருந்தும் மறைந்துவிடும். "வடிகட்டியில் உள்ளதையும் இல்லாததையும் கூட்டினாலும் மொத்தம் வரவில்லை" என்று ஒரு முறை நான் முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

மறைந்தவற்றின் இடத்தையும் கழித்துக் கண்டுபிடிக்கலாம். 7,000ஐ 22.4ஆல் பெருக்கினால் 1,56,800. தெரிந்த மூன்று கூறுகளின் பெருக்கல்களைக் கூட்டினால் 1,24,650. மிச்சம் 32,150, அதை மறைந்த 1,600ஆல் வகுத்தால் ஏறத்தாழ 20. இதே கணக்கை முந்தைய காலத்துக்குப் போட்டால் 10 வருகிறது. ஆக, மறைந்த சொற்களிலும் தொலைவிலிருந்து வந்த புது விருந்தாளிகள் கலந்திருக்கிறார்கள். இடத்தைத் திரை ஒரே ஒரு தசமத்தோடு காட்டுவதால் இது தோராயம்தான். கண்டிப்பாகப் பிடிக்க வேண்டாம்.

இப்போது கதை தெளிவாகிறது. நீங்கள் எழுதியது நழுவுதலுக்காக. அந்தச் சொற்களில் இடம் 7.0இலிருந்து 6.5. கிளிக் விகிதம் 5 சதவீதத்திலிருந்து 7. வாசகர் கண்ணில் தலைப்பு வேலை செய்திருக்கிறது. "காரணமும் சரிசெய்யும் முறையும்" என்ற சொற்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் 2,400 பேருக்கும் உங்களைக் காட்டியிருக்கின்றன. அவர்களுக்கு நீங்கள் வேண்டாம், அவர்கள் தொடவில்லை. சராசரியைக் கெடுத்தவர்கள் அவர்கள்தான். திருப்பி வைக்க ஒரு காரணமும் இல்லை.

(பின்குறிப்பு, 24 செப்டம்பர்: "2,400 பேருக்கும் காட்டியிருக்கின்றன" என்ற வரியை அழிக்காமல் விடுகிறேன். தவறு. கீழே பாருங்கள்.)

மேசைவிளக்கு, 12 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

எனக்கே ஓர் உறுத்தல். இடமும் 7.0இலிருந்து 6.5க்கு ஏறியிருக்கிறதே, கிளிக் கூடியது அதனால்தான் என்று யாராவது கேட்டால்? மேலே இருப்பவரை அதிகம் பேர் சொடுக்குவார்கள். அதற்குத் தலைப்பு அழகாக இருக்க வேண்டியதில்லை.

இடமே அசையாத ஒரு சொல்லை எடுங்கள். இருக்கிறதா?

மிதிவண்டி, 12 செப்டம்பர்

"சைக்கிள் செயின் நழுவுகிறது" என்ற சொல். முன்பு இடம் 6.1, இப்போது 6.0. இம்ப்ரெஷன் 640, 650. கிளிக் 32, 52.

மேசைவிளக்கு, 12 செப்டம்பர்

இதைத்தான் தேடினேன். இடம் அப்படியே, கூட்டம் அப்படியே, கிளிக் மட்டும் 32இலிருந்து 52. எதையும் மாற்றாமலே 32 போன்ற எண்ணிக்கை அடுத்த மாதம் ஐந்தாறு இப்படியும் அப்படியும் ஆடும். இரண்டு காலங்களின் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்பது வரை சாதாரணம். வித்தியாசம் 20. தற்செயல் என்று ஒதுக்குவது கடினம், சத்தியம் செய்வதும் கடினம்.

தொடாத பக்கங்களின் கணக்கும் வேண்டும். எல்லாப் பக்கத்துக்கும் ஆகஸ்டில் கிளிக் கூடியிருந்தால் தலைப்புக்குப் பாராட்டுவிழா நடத்த முடியாது.

மிதிவண்டி, 12 செப்டம்பர்

பிரேக், டயர், பெடல், கியர் நான்கையும் தொடவில்லை. நான்கும் சேர்த்து இம்ப்ரெஷன் 2 சதவீதம் கூடியிருக்கிறது; கிளிக் விகிதம் 4.1, இப்போது 4.2.

வீணைமாணவி, 13 செப்டம்பர்

என் அனுபவத்தையும் சொல்கிறேன். இசைப் பயிற்சிக் காணொளிகள் போடுகிறேன். அங்கே ஒரே காணொளிக்கு மூன்று முகப்புப் படங்களைக் கொடுத்தால் தளமே பார்வையாளர்களைப் பிரித்துக் காட்டி, எது வென்றது என்று சொல்லிவிடுகிறது. நீங்கள் ஏன் அதைச் செய்யாமல் ஜூலையையும் ஆகஸ்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? இரண்டு தலைப்பையும் ஒரே நேரத்தில் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டினால் முடிந்தது.

மேசைவிளக்கு, 13 செப்டம்பர்

கேள்வி வேறு இடத்துக்குப் போய்விட்டது, ஆனால் நல்ல இடம். காணொளித் தளத்தில் பார்வையாளரைப் பிரிப்பவர் தளத்துக்காரர். இங்கே தேடல் பக்கத்தில் நிற்பது, கூகுள்பாட் கடைசியாக வந்து படித்துப்போன ஒரே தலைப்பு. பாதிப் பேருக்கு ஒன்றை அனுப்ப நமக்கு வழி இல்லை. ஒரே மாதிரியான பக்கங்கள் நூறு இருந்தால் ஐம்பதை மாற்றி ஐம்பதை விட்டுவைக்கலாம். அதுதான் இங்கே சாத்தியமான பிரிப்பு. மிதிவண்டியிடம் இருப்பது மொத்தம் ஐந்து பக்கம்.

உங்களைப் போலவே நானும் ஒரு காலத்தில் புத்திசாலியாக இருந்தேன். ஒற்றை வாரம் ஒரு தலைப்பு, இரட்டை வாரம் இன்னொன்று என்று எட்டு வாரம் மாற்றி மாற்றி வைத்தேன். வெற்றியாளரை அறிவித்தும்விட்டேன். பிறகு சர்வர் பதிவேட்டைப் பார்த்தால், கூகுள்பாட் அந்தப் பக்கத்துக்கு ஒரு முறை பதினொரு நாள் கழித்து வந்திருக்கிறது. நான் முதல் தலைப்பின் வாரம் என்று எண்ணியதில் பாதி, தேடலில் இரண்டாம் தலைப்பின் வாரம். எட்டு வாரமும் குப்பைக்குப் போயிற்று.

மிதிவண்டி, உங்கள் பக்கத்தைக் கூகுள்பாட் எப்போது படித்தது? சர்ச் கன்சோலின் முகவரி ஆய்வில் கடைசி வருகைத் தேதி இருக்கும்.

மிதிவண்டி, 13 செப்டம்பர்

மாற்றிய மூன்றாம் நாளே இன்டெக்ஸ் செய்யும்படி கேட்டேன். அன்றே வந்தது, ஆகஸ்ட் 7. அதனால்தான் 11ஆம் தேதி, திங்கட்கிழமையிலிருந்து எண்ணத் தொடங்கினேன். முன்னும் பின்னும் நான்கு முழு வாரங்கள்.

மேசைவிளக்கு, 14 செப்டம்பர்

வாரங்களைச் சரியாக வெட்டியதற்குத் தனியாகக் கைகொடுக்கிறேன். 30 நாளுக்கு 30 நாள் ஒப்பிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் ஐந்தாவது ஞாயிறு விழுந்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியிலும் ஒருவரைப் பார்த்ததுண்டு.

நேர்கோட்டின் சந்தேகத்துக்கு வருகிறேன். முகவரி ஆய்வில் கூகுள் படித்த மூலக்குறியைத் திறந்தால் புதிய தலைப்பு இருக்கும். அது கூகுள் படித்ததற்குச் சாட்சி, காட்டியதற்குச் சாட்சி அல்ல. எந்தத் தலைப்பைக் காட்டினோம் என்று சர்ச் கன்சோல் எங்குமே சொல்வதில்லை. உங்கள் முக்கியமான நான்கைந்து சொற்களை நீங்களே தேடி, கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் வழி. `site:` போட்டுப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். தேடும் சொல்லைப் பொறுத்து, அதே பக்கத்துக்கு வேறு தலைப்பு வரலாம்.

மிதிவண்டி, 14 செப்டம்பர்

பார்த்துவிட்டேன். நழுவுதல் சொற்களுக்குப் புதிய தலைப்பு முழுதாக வருகிறது. "சைக்கிள் பராமரிப்பு" என்று தேடினால் மட்டும், பக்கத்தின் உள்ளே இருக்கும் பெரிய எழுத்துத் தலைப்பை எடுத்துப் போட்டிருக்கிறது. அது பழையபடியே "செயின் பராமரிப்பு" என்றுதான் இருக்கிறது.

நேர்கோடு, 14 செப்டம்பர்

சொன்னேனே.

மேசைவிளக்கு, 14 செப்டம்பர்

பாதி சொன்னீர்கள். பாதிக்கு நன்றி.

மிதிவண்டி, 22 செப்டம்பர்

நல்ல செய்தி! தலைப்பு இப்போதுதான் முழுதாகப் பலன் தருகிறது. செப்டம்பர் 13 முதல் 19 வரை சராசரி இடம் 10.1! ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 5 வரையான வாரத்தில் 22.6 இருந்தது. இம்ப்ரெஷன் 1,760இலிருந்து 1,150க்கு இறங்கியிருக்கிறது, போனால் போகிறது. கிளிக் 56, இப்போது 57.

மேசைவிளக்கு, 22 செப்டம்பர்

எதிர்பார்த்ததுதான். கூகுள் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் தேடல்களிலும் உங்களைக் காட்டிப் பார்த்தது, யாரும் தொடவில்லை, இப்போது களை எடுத்துவிட்டது. இது இரண்டாம் கட்டம். தலைப்பை மாற்றினால் ஆறு வாரத்தில் இப்படித்தான் தெளியும்.

பழையகணக்கர், 23 செப்டம்பர்

மேசைவிளக்கு, அவசரப்பட்டீர்கள்.

தொடாத நான்கு பக்கங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கணினி, கைபேசி என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் பார்க்கும் தளங்கள் எல்லாவற்றிலும் அதே வாரத்தில் கணினி இம்ப்ரெஷன் விழுந்து, சராசரி இடம் ஏறியிருக்கிறது. யாரும் தலைப்பை மாற்றவில்லை.

தேடல் முகவரியில் `&num=100` சேர்த்தால் ஒரே பக்கத்தில் நூறு முடிவுகள் வரும். செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அது வேலை செய்வதில்லை. தரவரிசை கண்காணிக்கும் கருவிகள் அதைத்தான் நம்பியிருந்தன. முடிவு இருக்கும் பக்கம் திறக்கப்பட்டாலே இம்ப்ரெஷன் கணக்காகும். கீழே உருட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கருவி நூறையும் ஒரே தடவையில் திறந்தபோது 44ஆம் இடத்தில் கிடந்த உங்கள் பக்கத்துக்கும் ஓர் இம்ப்ரெஷன் விழுந்தது. இப்போது அந்தக் கதவு மூடிவிட்டது.

அந்த 2,400ஐ மனிதர்கள் என்று நீங்கள் எழுதியபோதே கேட்டிருக்க வேண்டும்: 41ஆம் இடம் என்றால் ஐந்தாம் பக்கம். ஒரு செயின் நழுவுவதற்காக ஐந்தாம் பக்கம் வரை போகிறவர்கள் மாதத்துக்கு 2,400 பேரா?

மேசைவிளக்கு, 23 செப்டம்பர்

மாட்டிக்கொண்டேன்.

காணாமல் போன இம்ப்ரெஷன்கள் எந்த இடத்தில் இருந்தன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மற்றவை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால்:

```
(1760 × 22.6 − 1150 × 10.1) ÷ (1760 − 1150) = 46.2
```

மறைந்த 610 இம்ப்ரெஷன்கள் சராசரியாக 46ஆம் இடத்தில் இருந்திருக்கின்றன. கிளிக் ஒன்றுகூடக் குறையவில்லை. போனவர்களில் மனிதர் ஒருவரும் இல்லை போலிருக்கிறது. "இரண்டாம் கட்டம்" என்று நேற்று நான் கட்டிய கோபுரத்தை இத்துடன் இடித்துவிடுகிறேன். காரணம் கிடைக்காத இடத்தில் கூகுளின் மனத்தைப் படிப்பதாகப் பேசுவது என் பழைய வியாதி.

மிதிவண்டி, சாதன வாரியாக எண்கள் கொடுக்க முடியுமா? ஆகஸ்ட் காலத்துக்கும், அதற்கு முந்தைய காலத்துக்கும்.

மிதிவண்டி, 24 செப்டம்பர்

என் கொண்டாட்டம் இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை. தொடாத நான்கு பக்கங்களிலும் அதே வாரத்தில் இடம் ஏறித்தான் இருக்கிறது. பழையகணக்கர் சொன்னது சரி.

கைபேசி மட்டும்: முன்பு 2,700 இம்ப்ரெஷன், இடம் 7.9, கிளிக் 130. தலைப்புக்குப் பின் 3,050, இடம் 8.1, கிளிக் 192.

புதிய சொற்கள் 2,400இல் கணினி 2,150, இடம் 44. கைபேசி 250, இடம் 15.2. கிடைத்த ஐந்து கிளிக்கில் நான்கு கைபேசி.

மேசைவிளக்கு, 24 செப்டம்பர்

இப்போது முதலிலிருந்து படிக்கிறேன்.

நீங்கள் பயந்தது 9.0 என்பது 22.4 ஆனதற்கு. கைபேசியை மட்டும் எடுத்தால் அது 7.9இலிருந்து 8.1. அந்தப் பள்ளத்தின் பெரும்பகுதி இயந்திரங்கள் தோண்டியது. கைபேசியிலும் புதிய சொற்களின் 250ஐக் கழித்துவிட்டால் மீதி 2,800இன் இடம் ஏறத்தாழ 7.5, அதாவது 7.9ஐ விட மேல். கைபேசி முழுவதற்குமான கிளிக் விகிதம் 4.8இலிருந்து 6.3. நழுவுதல் பற்றி முன்பு சொன்ன முடிவு நிற்கிறது. அதற்கு நான் சொன்ன கதைதான் விழுந்துவிட்டது.

பழைய காலத்தில் இயந்திரம் இல்லை என்றும் பொருள் அல்ல. ஜூலையிலும் கணினியின் 1,300 இம்ப்ரெஷனில் சில அவற்றுடையதாக இருக்கலாம். நழுவுதல் சொற்களில் அவை இரண்டு காலத்திலும் ஒரே அளவில் இருந்தால், விகிதம் இரண்டிலும் குறைவாகத் தெரியும், ஒப்பீடு கெடாது. ஆனால் ஜூலையில் இல்லாத மோட்டார் சைக்கிள் சொற்கள் ஆகஸ்டில் எப்படி முளைத்தன என்பதற்குக் கருவிகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சொற்களை அவை ஜூலையிலும் தேடியிருக்கும். புதிய தலைப்புக்குப் பிறகுதான் உங்கள் பக்கம் முதல் நூறுக்குள் நுழைந்திருக்கிறது. தலைப்பு கதவைத் திறந்தது உண்மை. வாசலில் நின்றவர்கள்தான் மனிதர்கள் இல்லை.

பழையகணக்கர், 24 செப்டம்பர்

கடைசிப் பத்தி ஊகம். அந்தச் சொற்களை ஜூலையில் யாரும் கண்காணிக்கவே இல்லாமலும் இருந்திருக்கலாம். வாடிக்கையாளர் ஒருவர் ஆகஸ்டில் புதிதாகச் சேர்ந்து பட்டியல் கொடுத்திருந்தால் போதும்.

மேசைவிளக்கு, 24 செப்டம்பர்

அதுவும் இருக்கலாம். மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

மிதிவண்டி, 25 செப்டம்பர்

பராமரிப்புச் சொற்களில் 20 கிளிக் 13 ஆனதை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். தலைப்பிலிருந்து "பராமரிப்பு" என்ற சொல்லை எடுத்ததற்குத் தண்டனை அதுதானே?

பழையகணக்கர், 25 செப்டம்பர்

ஏழு கிளிக் தண்டனை அல்ல, தூசி. இடம் 12இலிருந்து 14க்குப் போனதை வேண்டுமானால் கவனியுங்கள். அதுவும் வாரம் வாரமாக. ஆகஸ்ட் 7க்கு முன்பே சரியத் தொடங்கியிருந்தால் தலைப்பு நிரபராதி.

மிதிவண்டி, 26 செப்டம்பர்

ஜூலை முதல் வாரம் 11.8. பிறகு 11.9, 12.1, 12.2. தலைப்புக்குப் பின் 13.6, 13.9, 14.2, 14.3.

மேசைவிளக்கு, 26 செப்டம்பர்

மெதுவாகச் சரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நடுவில் ஒரு படி இறக்கமும் இருக்கிறது. வழுக்குப் பாறையில் போய்க்கொண்டிருந்தவரை யாரோ இலேசாகத் தள்ளியது போல. நான் தலைப்பைத்தான் சந்தேகிப்பேன். பழையகணக்கர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பழையகணக்கர், 26 செப்டம்பர்

மாட்டேன். அந்த வாரங்களிலும் கணினி கலந்திருக்கிறது.

மிதிவண்டி, 27 செப்டம்பர்

திங்கட்கிழமை மூன்றாவது தலைப்பை வைக்கிறேன்: "சைக்கிள் செயின் நழுவுகிறதா? காரணம், சரிசெய்தல், பராமரிப்பு". கைபேசியை மட்டும் எண்ணுவேன். வேறு எதையும் தொட மாட்டேன். கை அரிக்கிறது, இருந்தாலும்.

வீணைமாணவி, 28 செப்டம்பர்

நான் என் தளத்தில் நாற்பது பக்கங்களின் தலைப்பை ஒரே நாளில் மாற்றினேன். அன்றே உள் இணைப்புகளின் சொற்களையும் மாற்றினேன். சராசரி இடம் நன்றாக ஏறியது. இப்போது இதைப் படித்த பிறகுதான் தேதியைப் பார்த்தேன். செப்டம்பர் 11.

மேசைவிளக்கு, 28 செப்டம்பர்

ஐயோ. கைபேசியை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அங்கேயும் ஏறியிருந்தால் உங்கள் வேலை பலித்தது என்று வைத்துக்கொள்ளலாம். அது தலைப்பாலா உள் இணைப்பாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

மிதிவண்டி, 6 நவம்பர்

மூன்றாவது தலைப்பின் கணக்கு. வைத்தது செப்டம்பர் 29, கூகுள்பாட் படித்தது அக்டோபர் 2, எண்ணியது அக்டோபர் 6 முதல் நவம்பர் 2 வரை. கைபேசி மட்டும், ஒப்பீடு ஆகஸ்ட் 11 தொடங்கிய நான்கு வாரங்களோடு.

நழுவுதல் சொற்கள்: கிளிக் 128, இப்போது 124. இடம் அசையவில்லை.
பராமரிப்புச் சொற்கள்: 610 இம்ப்ரெஷன், இடம் 13.1, கிளிக் 10. இப்போது 640, இடம் 12.7, கிளிக் 12.

பழையகணக்கர், 6 நவம்பர்

முதலாவதில் நட்டம் இல்லை. இரண்டாவதில் ஒன்றும் தெரியவில்லை.

மேசைவிளக்கு, 6 நவம்பர்

எனக்கு ஏதோ தெரிகிறது, ஆனால் எனக்கு எப்போதுமே ஏதாவது தெரியும். "சைக்கிள் பராமரிப்பு" என்று தேடினால் இப்போது எந்தத் தலைப்பு வருகிறது?

மிதிவண்டி, 7 நவம்பர்

இன்னமும் பக்கத்தின் உள்ளே இருக்கும் தலைப்பைத்தான் போடுகிறது. நான் மாற்றிய தலைப்பை அந்தத் தேடலில் ஒருவரும் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

நேர்கோடு, 7 நவம்பர்

சொன்னேனே.